லூப்புக்குள் லூப் இருந்தும் மனாச்சர் முறை ஏன் நேர்கோட்டு நேரத்தில் முடிகிறது?

கேள்வி: "பெங்களூர்ல டெஸ்டிங் வேலைல இருக்கேன், டெவலப்பர் இன்டர்வியூவுக்குப் படிச்சிட்டு இருக்கேன். மிக நீளமான பாலிண்ட்ரோம் சப்ஸ்டிரிங் கண்டுபிடிக்கிற மனாச்சர் கோட் மனப்பாடம் ஆயிடுச்சு. ஆனா for-க்குள்ள while இருக்கு, அப்புறம் எப்படி O(n)? அந்த min எதுக்கு? அதை எடுத்துட்டு ஓட்டினாலும் எனக்கு விடை சரியாத்தான் வருது."

உங்கள் கடைசி வரிதான் முக்கியமானது. min இல்லாமலும் விடை சரியாக வருகிறது என்றால் உங்கள் டெஸ்ட் கேஸ்கள் அந்தத் தவறைத் தொடவில்லை என்று பொருள். அதைத் தொடுகிற ஒரு சொல்லைக் கீழே தருகிறேன். அந்த min எதற்கு என்று புரிந்துவிட்டால், உள்ளே இருக்கும் while ஏன் நேரத்தைத் தின்பதில்லை என்பதும் கூடவே புரிந்துவிடும். இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள்.

பாலிண்ட்ரோம் என்பது முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் எழுத்து வரிசை. முதலில் சாதாரண முறை. ஒவ்வொரு எழுத்தையும் மையமாக வைத்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ஒப்பிட்டுக்கொண்டே விரிகிறோம். பொருந்தாத இடத்தில் நின்றுவிடுகிறோம். ஒரு மையத்திலிருந்து ஒரு பக்கம் எத்தனை எழுத்து விரிந்தோமோ அது அந்த மையத்தின் ஆரம். ஆரம் 3 என்றால் பாலிண்ட்ரோமின் நீளம் 7. இரட்டைப்படை நீளங்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், பிறகு வருகிறேன்.

இந்த முறையில் தவறு எதுவும் இல்லை. சாதாரண உரைநடையில் பெரும்பாலான மையங்கள் முதல் ஒப்பீட்டிலேயே நின்றுவிடும் என்பதால் வேகமாகவும் ஓடும். சிக்கல் வருவது திரும்பத் திரும்ப ஒரே எழுத்து வரும் சொற்களில்தான். ஒரு லட்சம் 'அ' வரிசையாக இருந்தால் ஒவ்வொரு மையமும் ஓரம் வரை விரியும். சொல்லின் நீளம் n என்றால் மொத்த ஒப்பீடுகள் சுமார் n²/4, அதாவது 250 கோடி. மனாச்சர் முறைக்கு அதே சொல்லில் இரண்டு லட்சத்துக்கு மேல் போகாது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். பொருள் பார்க்க வேண்டாம், எழுத்துகளை மட்டும் பாருங்கள்: மடகடமடகடப. இன்டெக்ஸ் 0-இல் ம, 1-இல் ட, 2-இல் க, 3-இல் ட, 4-இல் ம, 5-இல் ட, 6-இல் க, 7-இல் ட, 8-இல் ப. உயிர்மெய்க் குறிகள் இல்லாத எழுத்துகளாகவே வேண்டுமென்று எடுத்திருக்கிறேன். காரணம் பின்னால் வரும். பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டே எண்கள். இதுவரை கண்ட பாலிண்ட்ரோம்களில் வலப்பக்கம் அதிகத் தூரம் எட்டியது எதுவோ, அதன் மையம் `c`, அதன் வல எல்லை `r`. மிக நீளமானது எது என்பதல்ல, வலப்பக்கம் மிகத் தூரம் எட்டியது எது என்பதே கணக்கு. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

மையம் 0-இல் விரிய இடமில்லை, ஆரம் 0. மையம் 1-இல் ம-வும் க-வும் பொருந்தவில்லை, ஆரம் 0. மையம் 2-இல் இருபுறமும் ட, அடுத்து இருபுறமும் ம, அப்புறம் சொல்லின் ஓரம். ஆரம் 2. இப்போது `c` 2, `r` 4. மையம் 3 இந்த எல்லைக்குள் இருக்கிறது. 2-ஐ நடுவில் வைத்துப் பார்த்தால் 3-இன் பிம்பம் 1. அங்கே ஆரம் 0, அதனால் இங்கேயும் 0. மையம் 4 எல்லையின் மேலேயே நிற்கிறது, எல்லைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நமக்கு இன்னும் தெரியாது, ஆகவே விரித்துப் பார்க்கிறோம். 3-உம் 5-உம் ட, 2-உம் 6-உம் க, 1-உம் 7-உம் ட. 0-இல் ம, 8-இல் ப, நின்றது. ஆரம் 3. இப்போது `c` 4, `r` 7. இந்தப் பெரிய பாலிண்ட்ரோம் 1 முதல் 7 வரை பரவியிருக்கிறது.

இங்கிருந்து ஆட்டமே வேறு. 4-க்கு வலப்பக்கம் 7 வரை இருக்கும் எல்லாமே 4-க்கு இடப்பக்கம் இருப்பதன் கண்ணாடிப் பிம்பம். ஒரு பாலிண்ட்ரோமைக் கண்ணாடியில் பார்த்தாலும் அது பாலிண்ட்ரோம்தான். ஆகவே இடப்பக்கம் ஏற்கெனவே கணக்கிட்ட ஆரங்களை வலப்பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதில் மூன்று விதம் உண்டு, மூன்றும் இந்தச் சொல்லிலேயே அடுத்தடுத்து வருகின்றன.

மையம் 5-இன் பிம்பம் 3. அங்கே ஆரம் 0, எல்லைக்கு இன்னும் 2 எழுத்து தூரம் இருக்கிறது. 3-இல் ஏன் நின்றோம்? 2-இல் க, 4-இல் ம, பொருந்தவில்லை. இந்த இரண்டு எழுத்துகளும் பெரிய பாலிண்ட்ரோமுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றின் பிம்பங்கள் 6-இல் க, 4-இல் ம. அங்கே பொருந்தாதது இங்கேயும் பொருந்தாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, ஆரம் 0 என்பது உறுதி.

மையம் 6-இன் பிம்பம் 2. அங்கே ஆரம் 2. ஆனால் இங்கிருந்து எல்லைக்கு 1 எழுத்துதான் தூரம். 2-ஐ மையமாகக் கொண்ட மடகடம 0-இலிருந்து தொடங்குகிறது, பெரிய பாலிண்ட்ரோமோ 1-இலிருந்துதான் தொடங்குகிறது. சிறியது பெரியதன் இட ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி காட்டுவது 1 முதல் 7 வரை மட்டும்தான், காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே அது எதையும் காட்டாது. ஆகவே 2 என்று அப்படியே எழுதக் கூடாது, எல்லை வரையான 1-ஐ மட்டுமே எடுக்கலாம். கோடில் ஆரங்களின் லிஸ்ட் `d`, இப்போதைய மையம் `i`, அதன் பிம்பம் `2*c-i`. அந்த `min(d[2*c-i], r-i)` செய்வது இந்தக் கத்தரிப்பைத்தான்.

இதில் இன்னொரு அழகு உண்டு. இங்கேயும் மேற்கொண்டு விரித்துப் பார்க்கத் தேவையில்லை. 6-ஐச் சுற்றி இன்னும் ஒரு எழுத்து விரிய வேண்டுமானால் 8-இல் இருப்பது 4-இல் இருக்கும் ம-வாக இருக்க வேண்டும். ஆனால் 2-ஐச் சுற்றிய பாலிண்ட்ரோமின்படி 0-உம் 4-உம் ஒன்று. அப்படியானால் 8-உம் 0-உம் ஒன்றாகிவிடும், பெரிய பாலிண்ட்ரோமே இன்னும் ஒரு எழுத்து விரிந்திருக்கும். அது விரியவில்லை என்று முன்பே பார்த்துவிட்டோம். ஆகவே ஆரம் 1, அதற்கு மேல் முடியாது.

மையம் 7-இன் பிம்பம் 1. ஆரம் 0, எல்லைக்குத் தூரமும் 0. இரண்டும் சரிசமம். பிம்பம் சொல்வது எல்லையோடு முடிகிறது. எல்லைக்கு வெளியே இருக்கும் எழுத்து இந்த மையத்துக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். இந்த ஒரு நிலையில் மட்டும்தான் உண்மையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 6-இல் க, 8-இல் ப, பொருந்தவில்லை, ஆரம் 0. கடைசி மையம் 8 எல்லைக்கு வெளியே, ஓரத்தில், ஆரம் 0. விடை மையம் 4, நீளம் 7: டகடமடகட.

உங்கள் முதல் கேள்விக்கான விடை இப்போது கையில் இருக்கிறது. while வெற்றிகரமாக ஓடக்கூடியது இரண்டு சமயங்களில்தான். ஒன்று, மையம் எல்லைக்கு வெளியே இருக்கும்போது. மற்றது, பிம்பத்தின் ஆரம் எல்லையைச் சரியாகத் தொடும்போது. இரண்டிலும் முதல் வெற்றி ஒப்பீடே `r`-க்கு அப்பால் இருக்கும் எழுத்தைத் தொடுகிறது, ஒவ்வொரு வெற்றியும் எல்லையை வலப்பக்கம் ஒரு எழுத்து தள்ளுகிறது. எல்லை ஒருபோதும் பின்னால் வருவதில்லை, n−1-ஐத் தாண்டவும் முடியாது. ஆகவே நிரல் தொடங்கி முடியும் வரை எல்லா மையங்களுக்கும் சேர்த்து வெற்றி ஒப்பீடுகள் n-க்கு மேல் போகாது. தோல்வி ஒப்பீடு ஒரு மையத்துக்கு அதிகபட்சம் ஒன்று, ஏனென்றால் தோற்றதும் while நின்றுவிடும். மொத்தம் 2n-க்குள். ஒரு குறிப்பிட்ட மையத்தில் while ஆயிரம் முறை சுற்றலாம், அந்த ஆயிரமும் இனி யாருக்கும் திரும்பச் செலவாகாது. இது சராசரிக் கணக்கோ, நல்ல உள்ளீடு வந்தால் மட்டும் நடப்பதோ இல்லை. எந்தச் சொல்லுக்கும் பொருந்தும் உறுதியான வரம்பு.

கோட் இவ்வளவுதான்:

```python
def radii(s):
    n = len(s)
    d = [0] * n
    c, r = 0, -1
    for i in range(n):
        k = min(d[2*c - i], r - i) if i <= r else 0
        while (i-k-1 >= 0 and i+k+1 < n
               and s[i-k-1] == s[i+k+1]):
            k += 1
        d[i] = k
        if i + k > r:
            c, r = i, i + k
    return d
```

மூன்று விதங்களையும் நான் தனித்தனியாகப் பிரித்தேன், கோட் பிரிக்கவில்லை. ஒப்பிடத் தேவையில்லாத இடத்திலும் அது ஒருமுறை ஒப்பிட்டுத் தோற்கிறது. if போட்டுத் தவிர்க்கலாம், ஆனால் அந்த ஒரு ஒப்பீட்டுக்காகக் கோடைச் சிக்கலாக்குவது லாபமில்லை என்பது என் கருத்து. நம் ஒன்பது எழுத்துச் சொல்லுக்கு இந்தக் கோட் செய்யும் ஒப்பீடுகள் 11: வெற்றி 5, தோல்வி 6. சாதாரண முறை செய்வது 12. ஒரே ஒரு ஒப்பீடுதான் மிச்சம்! சிறிய சொற்களில் ஓட்டிப் பார்த்து வேகத்தை அளந்தால் ஒன்றும் தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது, min-ஐ எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மேலே பார்த்த சொல்லில் மையம் 6-க்கு 2 என்று தவறாக விழும். அதாவது மடகடப ஒரு பாலிண்ட்ரோம் என்று கோட் நம்பிவிடும். ஆனால் மையம் 4-இல் ஏற்கெனவே 3 இருப்பதால் மிகப் பெரியது எது என்று மட்டும் கேட்டால் விடை மாறாது. உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதே சொல்லின் கடைசியில் ட, க என்ற இரண்டு எழுத்துகளைச் சேருங்கள்: மடகடமடகடபடக. இப்போது தவறான 2-இலிருந்து while தொடர்கிறது. 3-உம் 9-உம் ட, 2-உம் 10-உம் க. ஆரம் 4 என்று ஆகி, கடமடகடபடக என்ற ஒன்பது எழுத்தை விடையாகக் கொடுக்கும். அதன் நடுவே ம-வுக்கு எதிரே ப நிற்கிறது. அது பாலிண்ட்ரோமே இல்லை. சரியான விடை பழைய ஏழெழுத்துதான். ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை செய்த தவறான நம்பிக்கைக்குள் while திரும்பிப் போய்ச் சரிபார்ப்பதில்லை, அதன் வெளிப்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. அதனால்தான் இந்தத் தவறு தானாகத் திருந்தாமல் வளர்ந்துகொண்டே போகிறது.

பெங்களூரில் இன்டர்வியூ எடுக்கும் பக்கம் பல வருடங்கள் உட்கார்ந்தவன் என்ற முறையில், min-ஐ விட அதிகமாக நான் பார்த்த பிழை வேறொன்று. கடைசி `if`-இல் `i + k > r` என்பதற்குப் பதிலாக, இதுவரை கண்ட ஆரங்களில் இதுவே பெரியது என்றால் மட்டும் `c`, `r`-ஐ மாற்றுவது. இதில் விடை தப்பாது. பழைய பாலிண்ட்ரோமும் பாலிண்ட்ரோம்தானே, அதன் கண்ணாடி பொய் சொல்லாது. ஆனால் நேர்கோட்டு நேரம் போய்விடும். முதலில் ஒரு நீண்ட 'அ' வரிசை, நடுவில் ட, க, அப்புறம் முதலாவதை விட ஒரு எழுத்து குறைந்த இன்னொரு 'அ' வரிசை என்று கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் வரிசையில் எந்த மையமும் பழைய சாதனையை முறியடிக்காது, ஆகவே எல்லை நகராது, ஒவ்வொரு மையமும் பூஜ்யத்திலிருந்து விரியும். டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சையாக இருக்கும், நேரம் மட்டும் சொல்லின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்காகும். நேர்கோட்டு நேரம் என்றால் இரண்டு மடங்குதான் ஆக வேண்டும். இதைக் கண்டுபிடிக்கக் கடிகாரம் கூட வேண்டாம். while-க்குள் ஒரு கவுன்ட்டர் வைத்து அது n-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

இரட்டைப்படை நீளத்துக்கு வழக்கமான வழி, எழுத்துகளுக்கு நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் `#` செருகுவது. `அஅ` என்பது `#அ#அ#` ஆகும். நடு `#`-ஐ மையமாக வைத்தால் ஆரம் 2. செருகிய சொல்லில் கிடைக்கும் ஆரமே மூலச் சொல்லில் பாலிண்ட்ரோமின் நீளம், அது தொடங்கும் இடம் `(i - d[i]) // 2`. இங்கே பலர் மூலச் சொல்லில் `#` இருந்தால் என்ன செய்வது என்று கவலைப்படுவார்கள். கவலையே வேண்டாம். ஒரு மையத்திலிருந்து சம தூரத்தில் இருக்கும் இரண்டு இன்டெக்ஸ்களும் எப்போதும் இரண்டும் ஒற்றை அல்லது இரண்டும் இரட்டை. செருகிய குறி செருகிய குறியோடு மட்டுமே ஒப்பிடப்படும், மூல எழுத்து மூல எழுத்தோடு மட்டுமே. செருகியது எந்த எழுத்தாக இருந்தாலும் விடை மாறாது. எல்லைச் சோதனையைத் தவிர்க்க ஓரங்களில் `^`, `$` என்று வைப்பார்களே, அந்தக் குறிகளுக்குத்தான் கட்டுப்பாடு: ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும், சொல்லிலும் வரக் கூடாது. நான் அவற்றை வைப்பதில்லை, மேலே உள்ள கோடில் எல்லைச் சோதனை வெளிப்படையாகவே இருக்கிறது.

தமிழ்ச் சொற்களில் இதை ஓட்டிப் பார்க்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். விகடகவி என்று கொடுத்தால் விடை கடக என்று வரும். முறையில் கோளாறு இல்லை. பைத்தான் பார்ப்பது எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறியீடுகளை. வி என்பது வ ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். ஐந்தெழுத்துச் சொல் ஏழு குறியீடுகளாகிறது, திருப்பிப் பார்த்தால் குறி முன்னும் வ பின்னுமாக நிற்கிறது. நாம் மாலைமாற்று என்று பாடும்போது எண்ணுவது எழுத்துகளைத்தான், ஆகவே முதலில் எழுத்துகளாகப் பிரித்து லிஸ்ட்டாகக் கொடுக்க வேண்டும்:

```python
import regex, unicodedata

def letters(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return regex.findall(r"\X", s)
```

`regex` என்பது தனியாக நிறுவ வேண்டிய மாட்யூல், பைத்தானோடு வரும் `re`-இல் `\X` கிடையாது. NFC எதற்கு என்றால், மோ-வில் இருக்கும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. மோருபோருமோ என்ற சொல்லில் முதல் மோ ஒரு விதமாகவும் கடைசி மோ இன்னொரு விதமாகவும் தட்டச்சாகியிருந்தால் நடுவில் உள்ள மூன்று எழுத்துதான் மிஞ்சும். அப்படிப் பிரித்த பிறகு `radii(letters("தேருவருதே"))` மையம் 2-இல் ஆரம் 2 என்று கொடுக்கும். க்ஷ, ஸ்ரீ போன்றவை இரண்டு எழுத்துகளாகப் பிரியும். அதை ஒன்றாக எண்ண வேண்டுமா என்பது உங்கள் முடிவு, அல்காரிதத்தின் முடிவு இல்லை.

இன்டர்வியூவில் இதைக் கேட்பார்களா என்பது கேட்பவரைப் பொறுத்தது, என்னால் உறுதி தர முடியாது. நான் கேட்கும்போது மையத்திலிருந்து விரிக்கும் சாதாரண முறையைப் பிழையில்லாமல் எழுதி, எந்த உள்ளீட்டில் அது தடுமாறும் என்று சொன்னாலே எனக்குப் போதும். மனாச்சரை எழுதுகிறவரிடம் min ஏன் என்று கேட்பேன். இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பாலிண்ட்ரோம் ஒன்றைப் போர்டில் வரைந்து காட்டினால், மனப்பாடமா புரிதலா என்று அங்கேயே தெரிந்துவிடும். யாராவது வரலாறு கேட்டால்: கிளென் மனாச்சர் 1975-இல் இதை வெளியிட்டபோது தேடியது சொல்லின் தொடக்கத்தில் அமையும் மிகச் சிறிய பாலிண்ட்ரோமைத்தான். அதே முறை எல்லா மையங்களின் ஆரத்தையும் தருகிறது என்பதை அப்போஸ்டோலிகோ, பிரெஸ்லாவர், கலீல் மூவரும் பின்னாளில் எடுத்துக்காட்டினார்கள்.

இதை வைத்துச் செய்ய முடியாதவையும் உண்டு. நடுவில் ஒரு எழுத்தை மாற்றிவிட்டு ஆரங்களைக் கொஞ்சம் மட்டும் திருத்திக்கொள்ள இதில் வழி இல்லை, திரும்ப ஓட்ட வேண்டும். அடிக்கடி மாறும் சொல் என்றால் ஹாஷும் பைனரி சர்ச்சும் சேர்ந்த முறைதான் வசதி. ஒரு மையத்துக்கு log n ஆனாலும் அதை மாற்றங்களோடு ஓட்டலாம், ஹாஷ் மோதலுக்கான சிறிய ஆபத்தைச் சகித்துக்கொண்டால். ஓரிரு எழுத்துப் பிழையோடு இருக்கும் பாலிண்ட்ரோம்களுக்கும் இது உதவாது. பிழையுள்ள கண்ணாடியில் பார்த்தால் பிம்பத்தின் ஆரம் இங்கே அப்படியே பொருந்தும் என்ற வாதமே உடைந்துவிடும்.

உங்கள் கோடைச் சோதிக்க, விடையை மட்டும் ஒப்பிடாமல் ஆரங்களின் முழு லிஸ்ட்டையும் சாதாரண முறையின் லிஸ்ட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டே எழுத்துகளை வைத்து 12 எழுத்து நீளம் வரை வரக்கூடிய எல்லாச் சொற்களையும் ஓட்டுங்கள். மொத்தம் 8,190 சொற்கள்தான், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எழுத்துகள் குறைவாக இருந்தால் பாலிண்ட்ரோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிறைய வரும், min இல்லாத கோட் அதில் தப்பவே முடியாது.